ஆய்வகச் சுவருக்கு நான்கு வரி

அன்புள்ள முருகேசா,

நலம்தானே? இங்கே முழங்கால் வலி தவிர வேறு குறையில்லை. ஆய்வகத்துக்கு வெள்ளையடித்தாயிற்று, பொன்மொழி எழுத ஆள் வரும் முன் சரிபார்த்துச் சொல் என்று மூன்று அனுப்பியிருந்தாயே, பார்த்துவிட்டேன்.

ஐன்ஸ்டைன் சொன்னதாக நீ அனுப்பியது அவருடையதேதான். 1952 மார்ச் 11 அன்று கார்ல் ஸீலிக் என்பவருக்கு ஜெர்மனில் எழுதிய கடிதத்தில் வருகிறது. “எனக்குத் தனித்திறமை ஏதுமில்லை, தீராத ஆர்வம் மட்டுமே உண்டு” என்று எழுதலாம். கீழே கடிதத்தின் தேதியையும் போடு.

கார்ல் சாகன் பெயரில் உள்ளதை எடுத்துவிடு. “எங்கோ நம்ப முடியாத ஒன்று, அறியப்படக் காத்திருக்கிறது” என்பது 1977-ல் நியூஸ்வீக் இதழ் அவரைப் பற்றி வெளியிட்ட கட்டுரையில் செய்தியாளர் எழுதிய வாக்கியம். சாகன் பேசியதாக மேற்கோள் குறிக்குள் வரவில்லை. கட்டுரை யாரைப் பற்றியதோ, வரியும் அவர் பெயரில் போய்விட்டது. வரி பிடித்திருந்தால் இதழின் பெயரைப் போட்டு எழுது.

மூன்றாவதில்தான் ஒரு நாள் போனது. “கற்றது கைமண் அளவு, கல்லாதது உலகளவு.” ஆத்திசூடி என்று குறித்திருக்கிறாய். ஆத்திசூடியில் ஒவ்வொன்றும் சின்னஞ்சிறு வரி, இது அங்கே இல்லை. ஔவையார் பாடியதாக வழங்கும் தனிப்பாடல் வெண்பா இது:

கற்றதுகைம் மண்ணளவு கல்லா துலகளவென்று
உற்ற கலைமடந்தை ஓதுகிறாள் - மெத்த
வெறும்பந் தயங்கூற வேண்டாம் புலவீர்
எறும்புந்தன் கையாலெண் சாண்.

கவனித்தாயா? நாம் சொல்லும் வரியைப் பாட்டில் சொல்பவள் கலைமகள். அவளே அப்படி ஓதுகிறாள், வீண் பந்தயம் வேண்டாம் என்று ஔவை புலவர்களைத் தட்டுகிறார். முதல் வரியை மட்டும் கிள்ளி எடுத்தால் அடக்கம் பற்றிய அறிவுரையாக நின்றுவிடும். கடைசி வரியில்தான் வேடிக்கை: மனிதன் எண்சாண் உடம்பு என்று பெருமைப்படுவானே, எறும்பும் தன் கையால் அளந்தால் எட்டுச் சாண்தானாம்!

நேற்று பேத்தியை நிறுத்தி அளந்தேன். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை 15 செ.மீ. எட்டால் பெருக்கினால் 120, உண்மை உயரம் 124. என் சாண் 21, உயரம் 166. கணக்கு 168 சொல்கிறது. எட்டு என்பது தோராயம்தான், ஆனால் மோசமில்லை. எறும்பின் கணக்கை நான் சோதிக்கவில்லை, அது உன் பிள்ளைகள் பாடு!

அதனால் வெண்பா முழுவதையும் எழுதச் சொல். கீழே “தனிப்பாடல், ஔவையார் பாடியதாக வழங்குவது” என்று போதும். “பாடியது” என்று அடித்துச் சொல்ல வேண்டாம், ஔவையார் என்ற பெயரில் வெவ்வேறு காலத்தில் பலர் இருந்திருக்கிறார்கள். அப்புறம், பக்கத்துச் சுவரில் தரையிலிருந்து 180 செ.மீ. வரை அளவுகோல் கோடு போடச் சொல்லிவிடு, பெயிண்டர் வந்த கையோடு முடிந்துவிடும்.

அன்புடன்,
சண்முகம்