மறுப்புக் குறியீட்டைப் பார்க்காமல் வாடிக்கையாளரைத் தடுக்க வேண்டாம்

ஈரோடு, பவானி, சென்னிமலை வட்டாரத்தில் இணையவழியில் ஜவுளி விற்கும் வணிகர்களுக்கு,

வணக்கம். ஜமக்காளமும் போர்வையும் விற்கும் கடையொன்றில் நான் கணக்கு எழுதுகிறேன். கட்டணம் தோற்றுப்போன ஆர்டர்களை எல்லாம் சந்தேகக் கணக்கில் வைத்து, அந்தத் தொலைபேசி எண்களைத் தடுக்கும் பழக்கம் எங்கள் கடையிலும் இருந்தது. அதனால் மூன்று ஆண்டுகளாக வாங்கிவந்த ஓர் அம்மாவை நாங்கள் இழந்தோம் என்பதால் இதை எழுதுகிறேன்.

4,850 ரூபாய்க்கு அவர் போட்ட ஆர்டருக்கு நேரே, கேட்வேயிலிருந்து இறக்கிய எக்செல் கோப்பில் மறுப்புக் குறியீடு 5 என்று மட்டும் இருந்தது. வங்கி அனுப்பியது 05. முன்னிருந்த பூஜ்யத்தை எக்செல் விழுங்கிவிட்டது. 05 என்றால், காரணம் சொல்லாமல் வங்கி மறுத்துவிட்டது என்பதே பொருள். அதை மோசடி என்று படிக்க எந்த ஆதாரமும் இல்லை. வேறு அட்டையிலோ யுபிஐயிலோ செலுத்தச் சொல்லியிருந்தால் போதும்.

51 இன்னும் தெளிவானது: கணக்கில் பணம் போதவில்லை, அல்லது கிரெடிட் கார்டில் வரம்பு மீதமில்லை. அட்டையில் குறையில்லை. எனவே அன்றைக்கே திரும்பத் திரும்ப முயலச் சொல்வதைவிட, சம்பளத் தேதி கழித்து நினைவூட்டுவதே பலன் தரும். 57 வந்தால், 2020 அக்டோபர் முதல் வழங்கப்படும் புதிய அட்டைகளில் ரிசர்வ் வங்கி விதிப்படி இணையப் பயன்பாடு மூடியே வருகிறது என்பதை நினைவில் வைத்து, வங்கிச் செயலியில் அதைத் திறக்கச் சொல்லுங்கள்.

59தான் மோசடிச் சந்தேகம். அதுவும் வங்கியின் சந்தேகமே. வழக்கத்துக்கு மாறாகப் பெரிய தொகைக்கு வாங்கும் உண்மையான உரிமையாளருக்கும் இது வரும். அந்த அட்டையில் மறுபடி முயல விடாமல், வங்கியை அழைக்கச் சொல்வதே முறை. ஒரே எண், ஒரே அட்டை, ஒரே தொகை என்று வந்து அத்துடன் நின்றிருந்தால் நான் ஆளைச் சந்தேகிக்க மாட்டேன்.

ஆனால் வெளிநாட்டு அட்டைகளை ஏற்கும் எங்கள் கடையில் ஓர் இரவு இப்படி வந்தது; மூன்றாவது பத்தி அட்டையின் கடைசி நான்கு இலக்கம்.

```
02:11  199  4417  14
02:12  199  0932  51
02:12  199  7750  59
02:14  199  2086  00
```

நான்கு வரிக்கும் ஒரே தொலைபேசி எண். திருடிய அட்டை எண்களில் எது உயிரோடு இருக்கிறது என்று யாரோ சோதித்திருக்கிறார்கள். 14 என்றால் அப்படியொரு அட்டையே இல்லை. இங்கே 51கூடக் குற்றமற்றதல்ல, ஏனெனில் அட்டை செல்லும் என்பதை அது திருடனுக்குச் சொல்லிவிடுகிறது. மிகவும் ஆபத்தானது வெற்றி பெற்ற 00தான்: சரக்கை அனுப்பிவிட்டால், அட்டைக்காரர் முறையிடும்போது பொருளும் போய்ப் பணமும் திரும்பப் பிடிக்கப்படும். அதை அன்றே ரத்து செய்து பணத்தைத் திருப்பினோம்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான்: குறியீட்டுப் பத்தியை டெக்ஸ்ட் வடிவில் இறக்குங்கள், தொலைபேசி எண்ணையும் நேரத்தையும் வைத்து வரிசைப்படுத்திய பிறகே எவரையும் தடுப்புப் பட்டியலில் சேர்க்கவும்.

இப்படிக்கு,
ஈரோட்டிலிருந்து ஒரு கணக்காளர்