எங்கள் சரிவிலும் ஒரு மழைமானி வையுங்கள்

மலைக் காப்பிச் சாகுபடிக்கும் பயிர் இழப்பீட்டுக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். கீழ்ப்பழனி மலையில் 4 ஏக்கரில் காப்பி வைத்திருப்பவன் நான். என் விண்ணப்பத்துக்கு நீங்கள் அனுப்பிய பதில் போன வாரம் வந்து சேர்ந்தது. இரண்டே வரி. மொட்டை விரியவைக்கும் பூ மழை இயல்பான அளவில் பதிவாகியிருப்பதால் இழப்பீட்டுக்கு இடமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் கோபப்பட எதுவுமில்லை, மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மழை என் தோட்டத்தில் பெய்யவில்லை.

உங்கள் மழைமானி இருக்கும் இடம் எங்கள் ஊரிலிருந்து சாலை வழியாக 17 கிலோமீட்டர். நடுவில் ஒரு மலை முகடு. முகட்டுக்கு அந்தப் பக்கம் கொட்டுகிற நாளில் இந்தப் பக்கம் துணி காயப்போட்டிருப்போம். மார்ச் 19 இரவு உங்கள் மானியில் 31 மி.மீ. பதிவானது. என் களத்து ஓரம் இருக்கிற மானியில் 7 மி.மீ. அப்பா காலத்திலிருந்தே மழை நோட்டு எழுதுகிற வீடு எங்களுடையது. காலை எட்டு மணிக்கு மானியைப் பார்க்காமல் காப்பி குடிக்க மாட்டார் அவர். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அந்த நோட்டைத்தான் நகல் எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். அதைப் பற்றி உங்கள் பதிலில் ஒரு சொல்கூட இல்லை.

31-க்கும் 7-க்கும் என்ன வித்தியாசம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அரபிகா மொட்டு ஐப்பசி, கார்த்திகையிலேயே கணுவில் கட்டிவிடும். தை, மாசி வறட்சியில் அது பச்சை அரிசி போல அசையாமல் உறங்கும். அதை எழுப்ப ஒரே மூச்சில் ஓர் அங்குலம், அதாவது 25 மி.மீ. மழையாவது வேண்டும். அப்படிப் பெய்தால் ஒன்பதாம், பத்தாம் நாள் தோட்டம் முழுக்க ஒரே வெள்ளை, மல்லிகை வாசம், தேனீச் சத்தம். அதற்குப் பின் இரண்டு மூன்று வாரத்துக்குள் இன்னொரு மழை வந்து பிஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

7 மி.மீ. என்ன செய்யும்? எழுப்பியும் எழுப்பாமலும் விட்டுவிடும். மார்ச் 29 காலையில் தோட்டத்துக்குள் போனேன். மொட்டுகள் பாதி பருத்து இளஞ்சிவப்பாக நின்றன. விரிந்தவையும் பூவாக விரியவில்லை. சுண்டு விரல் நகத்தில் பாதிதான் இருக்கும், பச்சை ஓடிய விறைத்த இதழ்கள், வாசமே இல்லை. நட்சத்திரப் பூ என்கிறோமே, அதேதான். பெயர் என்னவோ அழகாகத்தான் இருக்கிறது, காய்தான் பிடிக்காது. மழை குறைந்தாலும் அது வரும், மழைக்குப் பின் வெயில் எரித்தாலும் வரும். எங்களுக்கு இரண்டும் சேர்ந்து வந்தது. அடுத்த மழை ஏப்ரல் 24-ல். இடையில் 35 நாள் ஒரு சொட்டு இல்லை. இரவில்கூடக் கம்பளி தேவைப்படவில்லை. இந்த உயரத்தில் ஏப்ரலில் மின்விசிறி போட்டுப் படுப்போம் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

உங்கள் அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு ஒரு தம்பி வந்தார். ஜூலையில். நல்ல பிள்ளை, மேட்டில் ஏறி மூச்சு வாங்கியும் முகம் சுளிக்கவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு, "மரம் ஒண்ணும் சாகலையேண்ணே, நல்லா பச்சையாத்தான இருக்கு" என்றார். என் மனைவி ஒரு கிளையை வளைத்து அவர் கையில் கொடுத்தாள். அந்தக் கிளையில் 14 கணு. நல்ல வருஷத்தில் கணுவுக்குப் பத்துப் பன்னிரண்டு காய் கொத்தாக இருக்கும். அன்று 14 கணுவில் நான்கில்தான் காய், அதுவும் இரண்டு மூன்றாக. மொத்தம் 9 என்று அவரே எண்ணினார். ஆனால் அவர் கையில் இருந்த படிவத்தில் பட்டுப்போன மரங்களுக்குத்தான் கட்டம் இருந்தது, காய்க்காத கணுவுக்கு இல்லை. பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. பூ மழை பெய்த பதினைந்தாம் நாள் பார்க்க வேண்டியதை நான்கு மாதம் கழித்துப் பார்க்க அனுப்பியவர்களைத்தான் கேட்கிறேன். எங்கள் சரிவில் ஒரு மழைமானி இருந்திருந்தால் அந்தத் தம்பிக்கு ஜூலையில் மேடு ஏறும் சிரமமே இருந்திருக்காது.

அதோடு முடியவில்லை. ஏப்ரல் கடைசி மழைக்கு மிச்ச மொட்டில் கொஞ்சம் பூத்தது, மே மாதத் தூறலுக்கு இன்னும் கொஞ்சம். ஆக ஒரே கிளையில் பழம், செங்காய், பச்சைக்காய், பிஞ்சு எல்லாம் ஒன்றாக நிற்கிறது. மூன்று சுற்றில் முடிய வேண்டிய பறிப்பு ஆறு சுற்றாகிறது. பறிக்கிறவர்களுக்கு ஒரு நாளில் கூடை பாதிகூட நிறைவதில்லை, கூலியைக் குறைக்க முடியுமா? காய்த் துளைப்பான் வண்டுக்கு மட்டும் கொண்டாட்டம். நுழைய ஏற்ற காய் அதற்கு எந்த மாதமும் மரத்திலேயே கிடைக்கிறது. பழுத்ததையாவது காப்பாற்றலாம் என்றால் ஐப்பசி மழை பழத்தோல் நீக்கிக் களத்தில் காயும் பார்ச்மென்ட் கொட்டையில் பூசணம் ஏற்றிவிடுகிறது. நல்ல வருஷத்தில் 25 மூட்டை கண்ட தோட்டத்தில் இந்த வருஷம் 9 மூட்டை தேறினால் பெரிது.

மழை இல்லாவிட்டால் தெளிப்பான் போட வேண்டியதுதானே என்று ஒரு கூட்டத்தில் உங்களில் ஒருவர் சொன்னார். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கரில் 1 மி.மீ. என்பது ஏறக்குறைய 4,000 லிட்டர். 25 மி.மீ. என்றால் ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர், 4 ஏக்கருக்கு 4 லட்சம். மாசி முடிவில் என் குட்டையில் நிற்பது அறுபதாயிரம், அதிலும் பாதி சேறு. மிச்சத்துக்கு 12,000 லிட்டர் டேங்கர் லாரி 29 நடையாவது வர வேண்டும். எங்கள் ஊர்ப் பாதையில் ஜீப் வருவதற்கே முருகனை வேண்டிக்கொள்கிறோம்.

அடுத்த யோசனை ரகத்தை மாற்றுவது. ரொபஸ்டா வெயில் தாங்கும், அதற்கு மாறுங்கள் என்கிறார்கள். அரபிகாவைவிடச் சூடு தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் சூடு தாங்குவது வேறு, தண்ணீர் இல்லாமல் தாங்குவது வேறு. ரொபஸ்டாவின் வேர் மேலாகவே படர்வது. மேல்மண் காய்ந்தால் முதலில் தொங்குவது அதன் இலைதான். அதற்கும் பூ மழை வேண்டும், அதுவும் இன்னும் முன்னதாக, மாசியிலேயே. அரபிகா தன் மகரந்தத்திலேயே காய் பிடித்துக்கொள்ளும். ரொபஸ்டாவுக்குப் பக்கத்து மரத்து மகரந்தம் காற்றிலும் தேனீயிலும் வந்து சேர வேண்டும். பூத்த அன்று மழை அடித்தால் அந்த வருஷம் போச்சு. ஆக, காலம் தவறிப் பெய்யும் மழைக்கு மருந்தாக, காலத்தை இன்னும் கறாராகக் கேட்கும் பயிரை எழுதிக் கொடுக்கிறீர்கள்.

அரபிகாவிலும் எல்லாம் ஒன்றல்ல. என்னிடம் இரண்டு ஏக்கர் எஸ்.795, அப்பா நட்டது. நெடு நெடுவென்று வளர்ந்த பழைய ரகம். காய் குறைந்தாலும் மரம் தாக்குப்பிடிக்கிறது, அடுத்த வருஷக் கிளை மிஞ்சுகிறது. மீதி இரண்டு ஏக்கர் காவேரி, உங்கள் பரிந்துரையில் நான் நட்டது. குட்டை ரகம், சீக்கிரம் காய்க்கும், நன்றாகவும் காய்க்கும். ஆனால் காய்த்த வருஷம் வறட்சி வந்தால் மரம் தன் சத்தையெல்லாம் காய்க்குக் கொடுத்துவிட்டு நுனியிலிருந்து கிளை காய்ந்துகொண்டே வருகிறது. 2024 ஏப்ரலில் ஊட்டியிலேயே 29 டிகிரி தொட்டதே, அந்தக் கோடையில் நிழல் குறைந்த மேட்டுப் பாத்தியில் காவேரிக் கிளைகள் விறகாகிவிட்டன. நிழல் மரமும் அந்த வருஷம் இலை உதிர்த்தது. வெயில் நேராகத் தண்டில் பட்ட இடத்திலெல்லாம் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு முட்டை வைத்துவிட்டது. அது ரகம் பார்ப்பதில்லை, அரபிகாவாக இருந்தால் போதும். இலை மஞ்சளாகி, தண்டைத் தடவினால் பட்டைக்கு அடியில் வரிவரியாகப் புடைப்பு தட்டும். அப்படி 140 மரத்தைப் பிடுங்கி எரித்தேன். அந்த இடத்தில் சந்திரகிரி ரகம் நடச் சொல்கிறீர்கள். இலைத்துரு நோயைத் தாங்கும் என்பதால் நடத் தயார்தான். நட்டு மூன்று வருஷம் காத்திருக்கப் போகிறவன் நான். 3,500 அடியில், கிழக்குச் சரிவில், 35 நாள் மழையில்லாத பங்குனியில் அது எப்படி நிற்கிறது என்று எங்கள் பக்கத்தில் ஒரு தோட்டத்தைக் காட்டிவிட்டுச் சொன்னால் நல்லது.

காப்பி விலைதான் ஏறிவிட்டதே என்று ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். உண்மைதான். 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அரபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. முந்திய வருஷம் பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சி. அவர்களுக்கு மழை பொய்த்தால் எனக்கு விலை. எனக்குப் பொய்த்தால் விற்கச் சரக்கு இல்லை. பருவநிலை மாற்றத்தைப் பற்றி நட்சத்திர ஓட்டலில் நீங்கள் நடத்திய கருத்தரங்குக்கு அழைப்பு வந்தது, நன்றி. நல்ல குளிர்சாதன அறை. கொடுத்த காப்பி உடனடிக் காப்பித் தூள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பேச்சு எங்கோ போய்விட்டது, மன்னிக்கவும். உலகத்தின் சூட்டைக் குறைக்கும்படி உங்களிடம் நான் கேட்கவில்லை. எங்கள் சரிவில் ஒரு மழைமானி வையுங்கள். கணு மொட்டோடு காத்திருக்கும்போதே, பிப்ரவரி முடிவதற்குள் வையுங்கள். பூ மழை பெய்த பதினைந்தாம் நாள் ஒருவரை அனுப்பி, ஏக்கருக்குப் பத்து மரத்தில் நட்சத்திரப் பூவை எண்ணச் சொல்லுங்கள். அதை எழுத உங்கள் படிவத்தில் ஒரு கட்டம் போடுங்கள். என் விண்ணப்பத்தையும் அந்த மழை நோட்டை வைத்து மறுபடி ஒருமுறை பார்க்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

மானி வைக்க இடம் இல்லை என்று பதில் வரக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்: களத்துக்கு மேற்கே, மரம் மறைக்காத இடமாகப் பத்தடிக்குப் பத்தடி சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். வேலியும் போட்டாயிற்று. காலை எட்டு மணிக்கு அளவு எடுத்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன், சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
கீழ்ப்பழனி மலைக் காப்பி விவசாயி ஒருவர்