பழைய தொலைக்காட்சியைக் கைமாற்றுவதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகைக் காலம் நெருங்கினாலே தங்கள் நாளிதழில் பழைய தொலைக்காட்சியைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொள்ளச் சொல்லும் எக்ஸ்சேஞ்ச் விளம்பரங்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் என் வீட்டில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்து உறுத்துவதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

மூன்று ஆண்டுகள் எங்கள் வீட்டில் ஓடிய 43 அங்குல கூகுள் டிவி ஒன்றை, என் தங்கை மகள் தனிக்குடித்தனம் போனபோது அவளுக்குக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன்பு நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் இரண்டையும் திறந்து, இரண்டிலும் வெளியேறிவிட்டுத்தான் பெட்டியில் வைத்துக் கட்டினேன். வேலை முடிந்தது என்றே நம்பினேன். இரண்டாம் நாள் இரவு அவள் தொலைபேசியில் அழைத்து, "மாமா, டிவியைக் கொஞ்ச நேரம் சும்மா விட்டா உங்க வீட்டுக் கல்யாணப் போட்டோவா வருது" என்றாள். முதலில் சிரித்தேன். சற்று யோசித்த பிறகு கை நடுங்கிவிட்டது. ஏனென்றால், திரை ஓய்வில் இருக்கும்போது படங்கள் ஓடட்டும் என்று நாங்கள் தேர்ந்தெடுத்து வைத்திருந்த அந்த ஆல்பத்தில், மகள் திருமணத்துக்காக எடுத்த படங்களோடு நகைக்கடை ரசீதும் இரு வீட்டு ஜாதகங்களும்கூடக் கிடந்தன. போனது தங்கை மகள் வீட்டுக்கு என்பதால் தப்பித்தோம். கடைக்காரர் வழியாக முன்பின் தெரியாத ஒருவர் கூடத்துக்குப் போயிருந்தால் என்னவாகியிருக்கும்?

நான் செய்த தவறு எளியது. செயலிகளிலிருந்து வெளியேறுவதும், தொலைக்காட்சியிலிருந்தே கணக்கை எடுப்பதும் வேறு வேறு என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. முதன்முதலில் பெட்டியைப் பிரித்து இயக்கியபோது கொடுத்த கூகுள் கணக்கு, யூடியூப்பில் வெளியேறிய பின்னும் அந்தத் தொலைக்காட்சியில் அப்படியே குடியிருக்கிறது. புகைப்படங்களும், செயலிகளை நிறுவும் உரிமையும், முகப்பில் வரும் பரிந்துரைகளும் அந்தக் கணக்கைத்தான் பற்றிக்கொண்டு நிற்கின்றன.

கடவுச்சொல்லை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலரும் சொல்வார்கள். அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். தொலைக்காட்சியில் நாம் பெரும்பாலும் கடவுச்சொல்லைத் தட்டுவதே இல்லை. திரையில் தெரியும் குறியீட்டைக் கைப்பேசியில் பதிந்தோ, கட்டம் போட்ட கியூஆர் படத்தை ஸ்கேன் செய்தோ உள்ளே போகிறோம். அப்போது அந்த நிறுவனம் தொலைக்காட்சிக்கு ஓர் அனுமதிச் சீட்டைக் கொடுத்துவிடுகிறது. அதன் பிறகு தொலைக்காட்சி காட்டுவது அந்தச் சீட்டைத்தான். எனவே கடவுச்சொல்லை மாற்றினாலும், எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்று என்று தனியாகச் சொல்லாதவரை, சில சேவைகளில் பழைய சீட்டு செல்லுபடியாகிக்கொண்டே இருக்கும்.

என் பெட்டியை முறையாகத் துடைத்திருக்க வேண்டிய விதம் இதுதான். முதலில் "Settings" சென்று "Accounts & Sign-in" என்ற பகுதியில் ஒவ்வொரு கணக்காகத் திறந்து "Remove" கொடுக்க வேண்டும்; எங்கள் வீட்டில் என் கணக்கோடு மகன் கணக்கும் இருந்தது, அதை நான் மறந்தே போயிருந்தேன். பின்பு "System" உள்ளே "About" என்பதைத் திறந்தால் "Factory reset" இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் இந்தப் பெயர்களும் இடமும் சற்று மாறும். இங்கே ஒரு குழப்பம் உண்டு: படத்தின் நிறம், ஒளி போன்றவற்றை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மீட்டமைப்பு ஒன்றும் பல தொலைக்காட்சிகளில் இருக்கிறது. அது கணக்கையோ வைஃபை கடவுச்சொல்லையோ தொடாது. எல்லாம் அழிந்துவிடும் என்று திரை நம்மை எச்சரித்துக் கேட்டால்தான் சரியான இடத்துக்கு வந்திருக்கிறோம் என்று பொருள். சில பெட்டிகள் இந்த இடத்தில் நான்கு இலக்க ரகசிய எண் கேட்கும். நாம் மாற்றாமல் விட்டிருந்தால் சாம்சங் பெட்டிகளில் அது 0000.

அழிக்கும் வேலை முடியச் சில நிமிடங்கள் ஆகும். இடையில் தொலைக்காட்சி தானாக அணைந்து மீண்டும் எழும். அந்த நேரத்தில் மின்சாரம் போகக்கூடாது என்பதால், மின்வெட்டு அறிவித்திருக்கும் நாளில் இதைத் தொடங்க வேண்டாம். முடிந்ததா என்று அறிய ஒரே அடையாளம் போதும்: புதிதாக வாங்கியபோது வந்ததைப் போலவே, எந்த மொழி வேண்டும் என்று கேட்கும் வரவேற்புத் திரை வர வேண்டும். வந்ததும் அங்கேயே நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சரியாக இயங்குகிறதா என்று பார்க்கிறேன் பேர்வழி என்று மறுபடியும் நம் கணக்கைக் கொடுத்தால், செய்த வேலை அத்தனையும் வீண்.

பின்புறம் செருகியிருக்கும் ஃபயர் டிவி ஸ்டிக் போன்ற குச்சி ஒரு தனிக் கருவி. தொலைக்காட்சியை அழித்தாலும் அதனுள் இருக்கும் கணக்கு அழியாது. கொடுப்பதில்லை என்றால் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், கொடுப்பதென்றால் அதையும் தனியே அழியுங்கள்.

பெட்டி வீட்டை விட்டுப் போய்விட்டது என்றாலும் வழி இருக்கிறது. கைப்பேசியில் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் "Your devices" என்ற பட்டியலைத் திறந்து, அந்தத் தொலைக்காட்சியைத் தேர்ந்து "Sign out" கொடுத்தேன். நெட்ஃபிளிக்ஸில் இதற்கான இடம் "Manage access and devices". பிரைம் வீடியோவில் "Your devices" பட்டியலில் உள்ள "Deregister". பிறகு தங்கை மகளைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டே அவள் கையால் பெட்டியை முழுமையாக அழிக்கச் செய்தேன். முறைப்படி அழித்த பெட்டிக்கும் இந்தப் பட்டியல்களை ஒருமுறை பார்ப்பது நல்லது, ஏனெனில் நாம் வெளியேறாமல் அழித்த தொலைக்காட்சியின் பெயர் அங்கே தொங்கிக்கொண்டிருக்கக்கூடும்.

என்னை இன்னும் கவலைப்பட வைப்பது திரை உடைந்த பெட்டிகள். படமே தெரியவில்லை, இனி இதில் என்ன இருக்கப்போகிறது என்று பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறோம். ஆனால் கணக்குகள் இருப்பது திரையில் அல்ல, உள்ளே இருக்கும் மெயின் போர்டில். பழுதுபார்ப்பவர்கள் நல்ல நிலையில் உள்ள போர்டைக் கழற்றி வேறொரு பெட்டியில் பொருத்துவது வழக்கமான தொழில்தான். அப்படிப் பொருத்தும்போது அதிலுள்ள கணக்கும் கூடவே உயிர்பெற்று எழும். திரையில் மெனு தெரியாத நிலையில் மேலே சொன்ன கைப்பேசி வழியை விட்டால் நமக்கு எளிய வழி வேறில்லை.

எக்ஸ்சேஞ்சில் புதிய பெட்டியைக் கொண்டுவருபவர்கள் வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு பழையதைக் கேட்பார்கள். அந்த அவசரத்தில் யாராலும் இதைச் செய்ய முடியாது. ஆகவே, இப்படிப்பட்ட விளம்பரம் வெளியாகும் பக்கத்திலேயே, முந்தைய நாள் இரவே கணக்குகளை நீக்கிப் பெட்டியை முழுமையாக அழித்து வைக்கும்படி நான்கு வரிக் குறிப்பு ஒன்றைத் தாங்கள் வெளியிட வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தஞ்சாவூர்.