தணிக்கை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் உள்ள அந்தப் பட்டைப் படம்

மதிப்பிற்குரிய சாயப்பட்டறை உரிமையாளர்களுக்கும் பாய்லர் பொறுப்பாளர்களுக்கும், வணக்கம்.

இந்த ஆண்டு முதல் எங்கள் ஆற்றல் தணிக்கை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வண்ணப் படம் சேர்த்திருக்கிறோம். இடப்பக்கம் விறகு என்று ஒரு தடிமனான பட்டை தொடங்கும். அது வலப்பக்கம் போகப் போகக் கிளை பிரிந்து மெலியும். இதற்கு சாங்கி வரைபடம் என்று பெயர். 1898இல் கேப்டன் சாங்கி என்ற அயர்லாந்துப் பொறியாளர் நீராவி எஞ்சினில் வெப்பம் எங்கெங்கே போகிறது என்று காட்ட இப்படி ஒரு படம் போட்டார், அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. நம் பட்டறையிலும் ஸ்டீம்தானே, பொருத்தமாகத்தான் இருக்கிறது.

அறிக்கை கைக்கு வந்ததும் பலர் போன் செய்து கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "நஷ்டத்துல எது பெரிய பட்டையோ, அதை முதல்ல சரி பண்ணிடலாங்களா?" பண்ண வேண்டாம் என்பதே பெரும்பாலும் எங்கள் பதில். ஏன் என்று ஒரு மாதிரிப் பட்டறையின் கணக்கை வைத்தே சொல்கிறோம்.

மணிக்கு ஒரு டன் விறகு எரிகிறது. அதை 100 அலகு என்று வைத்துக்கொண்டோம், ஆக ஓர் அலகு என்பது 10 கிலோ விறகு. படத்தில் பட்டையின் அகலம்தான் அளவு. நீளம், வளைவு, நிறம் எதற்கும் கணக்கில் இடமில்லை. நீளமான பட்டை என்பதால் நஷ்டம் கூடுதல் என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு சந்திப்பிலும் உள்ளே வரும் அகலமும் வெளியே போகும் அகலமும் சமமாக இருக்க வேண்டும். யார் கொடுத்த படமானாலும் முதலில் இதைக் கூட்டிப் பாருங்கள். கூட்டல் ஒத்துவராவிட்டால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

நம் மாதிரியில் பாய்லரிலிருந்து மேல்நோக்கிப் பிரியும் நஷ்டங்கள்: காய்ந்த புகையோடு போகும் சூடு 11, புகையில் கலந்த நீராவியோடு போவது 13, எரியாத கரி 2, பாய்லர் உடம்பிலிருந்து கசியும் சூடு 3, ப்ளோடவுன் 2. மொத்தம் 31. பாய்லரிலிருந்து வெளியே வரும் ஸ்டீம் 72. இரண்டையும் கூட்டினால் 103 வருகிறதே என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். அந்த 3 அலகு, டிரையரிலிருந்து திரும்பி வரும் கண்டென்சேட் சுடுநீர். படத்தில் கீழே வளைந்து இடப்பக்கம் திரும்பும் மெல்லிய பட்டை அதுதான். விறகு 100, திரும்பி வந்தது 3, ஆக உள்ளே போனது 103.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஸ்டீம் 72, விறகு 100, அப்படியானால் பாய்லர் திறன் 72 சதவீதம் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அந்த 72இல் 3 அலகு ஏற்கெனவே தண்ணீரோடு வந்த சூடு. பாய்லர் புதிதாகக் கொடுத்தது 69தான். படத்தில் திரும்பி வரும் பட்டை இருந்தால், அதைக் கழிக்காமல் எந்தத் திறனையும் சொல்லக் கூடாது.

சரி, பெரிய பட்டைக்கு வருவோம். நஷ்டங்களில் அகலமானது அந்த 13. ஆனால் அதில் பாதிக்கு மேல், விறகில் உள்ள ஹைட்ரஜன் எரிந்து தண்ணீராகி, அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போகும்போது எடுத்துச் செல்வது. எவ்வளவு நல்ல பாய்லர் வைத்தாலும் அது போகும். மீதி, விறகில் இருக்கும் ஈரம். 30 சதவீத ஈரத்தோடு வந்த விறகைக் கொட்டகையில் காயவைத்தால் இந்தப் பங்கு குறையும். பாய்லர் வீட்டுக்குள் நின்றுகொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை.

அதற்கடுத்த 11 அகலத்தில் சிறியது, ஆனால் கைக்கு எட்டுவது. புகை 220 டிகிரியில் போகிறது, தேவைக்கு மேல் 80 சதவீதம் காற்று உள்ளே வருகிறது. டேம்பரைச் சரிசெய்து, கதவு இடுக்குகளை அடைத்து, ஆக்சிஜன் மீட்டரைப் பார்த்து ஓட்டினால் இதில் 2, 3 அலகு குறையும். புகையின் வெப்பநிலையை ஏர் ப்ரீஹீட்டர் வைத்து இறக்கலாம். ஆனால் ரொம்பவும் இறக்கினால் தாரும் ஈரமும் படிந்து புகைக்குழாய் அரிக்கும். ஆகவே 11ஐயும் பிடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி ஸ்டீமின் 72 எங்கே போகிறது? சாய மெஷின்களுக்கு 40, டிரையருக்கு 20, குழாய்ச் சூடு 4, கண்டென்சேட்டாகத் திரும்புவது 3, ஸ்டீம் ட்ராப் ஒழுகல் 5. இந்த 5தான் முதலில் தொட வேண்டிய பட்டை என்பது எங்கள் அபிப்பிராயம். படத்தில் ஒல்லியாகத் தெரியும். ஆனால் அந்த 5ஐ மிச்சம் பிடித்தால், அதை உண்டாக்க எரித்த விறகும், அந்த விறகுக்குப் புகையில் போன சூடும் சேர்ந்தே மிச்சமாகும். 5ஐ 0.69ஆல் வகுத்தால் 7 அலகுக்குச் சற்று மேல், அதாவது மணிக்கு எழுபது கிலோ விறகு. இதற்கு ஆகும் செலவு சில ட்ராப்களை மாற்றுவது மட்டும்தான்.

ஒரு எச்சரிக்கை. இந்த 5 நேரடியாக அளந்த எண் அல்ல. ஸ்டீம் மீட்டர் காட்டிய 72இலிருந்து மற்றதையெல்லாம் கழித்து மிஞ்சியது. மீட்டர் 2 சதவீதம் பிசகினால்கூட ஏறக்குறைய ஒன்றரை அலகு மாறும், 5 என்பது மூன்றரையாகவோ ஆறரையாகவோ இருக்கலாம். அதனால்தான் அளந்த பட்டைகளை அடர் நிறத்திலும், கழித்தோ ஊகித்தோ போட்டவற்றைக் கோடு போட்ட நிறத்திலும் அச்சிட்டிருக்கிறோம். கோடு போட்ட பட்டையை நம்பிப் பணம் போடும் முன், ட்ராப்களை ஒவ்வொன்றாகச் சோதித்துவிடுங்கள்.

அப்புறம், "புது பாய்லர் 79 சதவீதம்னு சொல்றாங்க, நீங்க எங்களுதை 69ன்னு போட்டிருக்கீங்களே" என்ற கேள்வி. நாங்கள் விறகின் மொத்தக் கலோரி மதிப்பை 100 என்று எடுக்கிறோம். நிகர மதிப்பை எடுப்பவர்கள் புகை நீராவியின் பட்டையில் பெரும்பகுதியைப் படத்திலேயே வரைய மாட்டார்கள். அவர்கள் தொடங்கும் இடத்திலேயே பட்டை 87, 88தான் இருக்கும். 69ஐ அதனால் வகுத்தால் உங்கள் பழைய பாய்லரும் 79தான். விலைப்பட்டியல் கொண்டுவருபவரிடம் இடப்பக்கப் பட்டை மொத்தமா, நிகரமா என்று கேளுங்கள்.

இரண்டு ஆண்டுப் படங்களை அருகருகே வைத்துப் பார்க்கும்போதும் கவனம் தேவை. கணினி ஒவ்வொரு படத்தையும் பக்கத்துக்கு ஏற்றபடி நிரப்பிவிடும், அதனால் அகலங்கள் ஒப்பிடத் தகாது. இனி எங்கள் எல்லாப் படங்களிலும் ஓர் அலகுக்கு ஒரு மில்லிமீட்டர் என்றே வரைவோம். துணி உற்பத்தி கூடக்குறைய இருந்திருந்தால், ஒரு கிலோ துணிக்கு எத்தனை அலகு என்றும் ஓரத்தில் எழுதித் தருவோம்.

உங்கள் பட்டறைப் படத்தில் புரியாத பட்டை இருந்தால், அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு அலுவலகத்துக்குக் கூப்பிடுங்கள். ட்ராப் சோதனைக்கு வரும் எங்கள் ஆளிடமும் கேட்கலாம்.

இப்படிக்கு,
ஆற்றல் தணிக்கைப் பிரிவு,
திருப்பூர்