கொக்கி தாங்கும், கூரை தாங்குமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் வீட்டு அலங்காரப் பகுதியில் முட்டை வடிவ ஊஞ்சல் நாற்காலியைப் பற்றிய கட்டுரை படித்தேன். துணி, மெத்தை, நிறம் எல்லாவற்றையும் விரிவாகச் சொன்னவர்கள், மாட்டுவதைப் பற்றி மட்டும் "கூரையில் நல்ல கொக்கியாகப் பார்த்துப் போடுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கட்டட வேலையை மேற்பார்வை செய்கிறவன் என்பதால் அந்த ஒரு வரியை என்னால் கடந்துபோக முடியவில்லை.

முதலில் எடைக் கணக்கு. 75 கிலோ எடையுள்ள ஒருவர், மெத்தையோடு சேர்த்து 25 கிலோ நாற்காலி என்று வைத்துக்கொள்வோம். அசையாமல் தொங்கும்போது 100 கிலோ. இரு பக்கமும் 30 டிகிரி சாய்வுக்கு ஆடினால், நாற்காலி நடுவில் கீழே வரும் நொடியில் கொக்கியை இழுப்பது 127 கிலோ. 45 டிகிரி என்றால் ஏறக்குறைய 160. தொப்பென்று உட்கார்ந்தாலோ அந்தக் கணத்துக்கு எடை இரண்டு மடங்கைத் தொட்டுவிடும், சில சமயம் தாண்டியும் போகும். அதனால் 100 கிலோ நாற்காலிக்குக் குறைந்தது 200 கிலோவை வேலைச் சுமையாக வைத்துத்தான் கொக்கியைக் கூரையில் பிடிக்கும் போல்ட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கொக்கியின் பெட்டியில் 500 கிலோ என்று போட்டிருப்பார்கள். அது அந்த இரும்பு தாங்கும் அளவு. ஆனால் இப்படிப்பட்ட இடங்களில் இரும்பு அறுவது அபூர்வம். போல்ட் துளையிலிருந்து வழுக்கி வரும், இல்லையென்றால் கான்கிரீட்டையே கூம்பு வடிவத்தில் பெயர்த்துக்கொண்டு வரும். அதனால் ஆங்கர் போல்ட் தயாரிப்பாளரின் அட்டவணையில் பார்க்க வேண்டியது உடையும் சுமையை அல்ல, அனுமதிக்கப்பட்ட சுமையை.

அந்த அட்டவணையில் இன்னொன்றையும் பாருங்கள். கூரைத் தளத்தின் நடுப்பகுதி சுமையில் லேசாகக் கீழே வளையும். அப்போது அடிப்பக்கம் இழுபடும், கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் அங்கேதான் விழும். நாம் துளை போடுவதும் அதே அடிப்பக்கத்தில்தான். விரிசல் துளையின் ஊடாகப் போனால் துளைக்குள் விரிந்து பிடிக்கும் சாதாரண போல்ட்டின் பிடி தளர்ந்துவிடும். ஆகவே விரிசல் விழுந்த கான்கிரீட்டுக்கும் ஏற்றது என்று சான்று உள்ள ஆங்கராக வாங்க வேண்டும். ஒற்றைக் கொக்கியைவிட நான்கு போல்ட் உள்ள தகடு நல்லது, ஒன்று தளர்ந்தாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் பிளக்கும் ஸ்க்ரூவும் இந்த வேலைக்கு ஆகாது.

துளை போடும்போதுதான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். 60 மில்லிமீட்டர் ஆழம் தேவை என்றால் அது முழுக்கக் கான்கிரீட்டுக்குள் இருக்க வேண்டும். கான்கிரீட்டின் மீது பூசியிருக்கும் 12, 15 மில்லிமீட்டர் பூச்சு கணக்கில் சேராது. துளைக்குள் இருக்கும் தூசியை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதி எடுக்க வேண்டும். ட்ரில் கம்பியில் முட்டினால் அறுத்துக்கொண்டு போகாமல் இடத்தை மாற்றிக்கொள்வதுதான் சரி. நட்டை முறுக்க முறுக்க இறுக்கம் ஏறாமல் போல்ட்டும் சேர்ந்து சுற்றுகிறதா? அந்தத் துளை பிடிக்கவில்லை என்று பொருள். அதை விட்டுவிட்டு, அதன் ஆழத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளிப் புதிதாகப் போட வேண்டும்.

ஃபால்ஸ் சீலிங்கில் மாட்டுவது பற்றிப் பேச்சே வேண்டாம். மின்விசிறிக்காக விட்ட கொக்கியும் கூடாது. உள்ளே அது எந்தக் கம்பியில் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

பால்கனி கதையே வேறு. அங்கே தலைக்கு மேல் இருப்பது பெரும்பாலும் மேல்வீட்டு பால்கனியின் தளம், ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ளது. அதைத் தாங்கும் முக்கியக் கம்பி தளத்தின் மேல்பக்கத்தில் இருக்கும், விரிசலும் மேலேதான் விழும். கீழே நிற்கிற நமக்கு அது தெரியாது. வெளி விளிம்பில் மாட்டினால் சுவரோரத்தில் விழும் வளைப்பு மிக அதிகம். விளிம்பையொட்டிப் போட்ட போல்ட் ஓரத்தையே பெயர்த்துவிடவும் கூடும். துருக்கறை தெரிந்தாலோ, தட்டினால் பொள்ளலாகச் சத்தம் கேட்டாலோ அங்கே துளையே போடக்கூடாது. கட்டடப் பொறியாளர் பார்த்துச் சரி என்று சொல்லாதவரை, பால்கனிக்குத் தரையில் நிற்கும் ஸ்டாண்டோடு வரும் நாற்காலியே போதும்.

மாட்டியதும் யாரையும் உட்கார வைக்காதீர்கள். தகட்டின் ஓரத்தையும் நட்டின் நிலையையும் பென்சிலால் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நாற்காலியைக் கழற்றிவிட்டு, அந்தக் கொக்கியிலிருந்தே உறுதியான கயிற்றில் 200 கிலோவுக்கு மணல் மூட்டைகளைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு, ஒரு மணி நேரம் அடியில் யாரையும் விடாமல் பார்க்க வேண்டும். தகடு கோட்டை விட்டு நகர்ந்தாலோ, சுற்றிலும் பூச்சில் வட்ட விரிசல் கண்டாலோ, தூள் உதிர்ந்தாலோ கழற்றிவிட வேண்டியதுதான். அப்புறம் மாதம் ஒருமுறை அதே கோடுகளைப் பார்த்தால் போதும். நாற்காலி சுற்றும்போது நட் மெல்ல மெல்லக் கழலும் என்பதால், சுழலும் இணைப்பும் லாக் நட்டும் கட்டாயம் வேண்டும்.

அந்தப் பகுதியின் அடுத்த கட்டுரையில் நாற்காலிப் படத்தோடு, கூரையில் அது பிடித்திருக்கும் இடத்தின் படத்தையும் ஒன்று போடுங்கள்.

இப்படிக்கு,
கட்டடப் பணி மேற்பார்வையாளரான ஒரு வாசகர்