மேலே மேல், கீழே கீழ்

அன்புள்ள தம்பிக்கு,

நான் உன் வகுப்புக்கு வழிகாட்டியாக இருந்த நம்முடைய ஒரு வருடம் சனிக்கிழமையோடு முடிந்தது. பஸ்ஸில் திரும்பும்போது உன்னிடம் சொல்லாமல் விட்ட சில விஷயங்கள் ஞாபகத்துக்கு வந்தன. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு மன்னிப்பு. இரண்டாவது மாதம் உன் வகுப்பைப் பார்க்க வந்தபோது, பிள்ளைகள் முன்னாலேயே உன் கையிலிருந்து சாக்பீஸை வாங்கி நான் பாடம் நடத்தினேன். நீ சிரித்துக்கொண்டு ஓரமாக நின்றாய். முப்பது வருடப் பழக்கம், கை சும்மா இருக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வாரம் உன் வகுப்பில் சத்தம் கூடியது என்று நீ சொன்னதற்கு நான்தான் காரணம் என்று எனக்குத் தெரியும்.

அந்த நாட்களில் நம் சந்திப்புகளும் வீண்தான். "பாடம் எப்படிப் போச்சு?" என்பேன். "நல்லா போச்சு டீச்சர்" என்பாய். நாலாவது மாதத்திலிருந்து பிள்ளைகளின் ஐந்து நோட்டுகளை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேனே, அதன் பிறகுதான் நாம் பேசுவதற்கு ஏதாவது கிடைத்தது.

அந்த முதல் ஐந்தில் மூன்றில் 1/2 + 1/3 = 2/5 என்று இருந்தது. "எல்.சி.எம். மறந்துட்டாங்க, மறுபடி நடத்துங்க" என்று நான் உடனே சொன்னேன். நீ நடத்தினாய். அடுத்த மாதமும் அதே 2/5. அப்போதுதான் 3/8 + 2/8 கொடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. பகுதி இரண்டிலும் ஒன்றே, எல்.சி.எம்.முக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் 5/16 என்று வந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு மறந்துபோனது எல்.சி.எம். இல்லை, பின்னம் என்பது ஒரே எண் என்பதே இன்னும் பிடிபடவில்லை. அவர்களுக்கு அது மேலே ஓர் எண், கீழே ஓர் எண். நான் தவறான நோய்க்கு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அப்புறம் நீ 2/5 என்று போட்ட பையனைத் திட்டாமல் "ஏன்டா இப்படிப் போட்டே?" என்று கேட்டாய் பார், இந்த வருடத்தில் நான் கற்றுக்கொண்டது அங்கேதான். "டெஸ்ட்ல ரெண்டுக்கு ஒண்ணு, அடுத்ததுல மூணுக்கு ஒண்ணு வாங்கினா, அஞ்சுக்கு ரெண்டுன்னுதானே சார் போடுறீங்க?" என்றான். நீ எனக்குப் போன் செய்தபோது எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. மதிப்பெண் கூட்டும்போது அவன் சொல்வது சரிதானே! அங்கே முழுமையே இரண்டிலிருந்து ஐந்தாக மாறுகிறது. பின்னக் கூட்டலில் முழுமை மாறக்கூடாது. இந்த வித்தியாசத்தை என் சர்வீஸில் நான் ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை.

12 செ.மீ. காகிதப் பட்டையை நீ வெட்டியது அதனால்தான் பலித்தது. பாதி 6 செ.மீ., மூன்றில் ஒன்று 4 செ.மீ., சேர்த்து வைத்தால் 10. அதாவது 10/12, சுருக்கினால் 5/6. ஐந்தில் இரண்டு என்றால் 4.8 செ.மீ.தான், பாதியைவிடவே குறைவு. "கூட்டினா குறையுமா சார்?" என்று அவனே கேட்டதாகச் சொன்னாய். இனிமேல் கூட்டச் சொல்வதற்கு முன்னால், விடை பாதிக்கு மேலா கீழா என்று மட்டும் கேட்டுவிட்டு விடு.

ஒரு தொல்லை உண்டு. பட்டை பழகியவர்கள் எதற்கெடுத்தாலும் 12 செ.மீ. வெட்டுவார்கள். அப்போது 1/2 + 1/5 கொடு. ஐந்தில் ஒன்று 2.4 செ.மீ. என்று வந்து அளக்கத் திணறுவார்கள். எத்தனை செ.மீ. பட்டை இருந்தால் சுலபம் என்று அவர்களே தேடி 10-க்கு வரட்டும். எல்.சி.எம். என்ற பெயரை அதற்கப்புறம் சொல்லலாம். 1/5 + 1/7 வந்தால் 35 செ.மீ. வேண்டும், பெஞ்சில் பட்டையும் பிள்ளையும் சேர்ந்து இடம் போதாது. அங்கே பட்டையை விட்டுவிட்டு எழுதிப் போடச் சொல்.

ஜூனிலிருந்து மாதச் சந்திப்பு கிடையாது. அறிக்கை எல்லாம் அனுப்பாதே, நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு, போதும். கடைசியாகப் பார்த்த நோட்டில் ஒரு பெண் 0.25 தான் 0.3-ஐவிடப் பெரியது என்று எழுதியிருந்தாள். 25, 3-ஐவிடப் பெரியது என்று நினைத்திருப்பாள் என்பது என் ஊகம். நீ அவளிடம் கேட்டாயா? என்ன சொன்னாள்?

அன்புடன்,
உன் டீச்சர்