ஒரே மெட்டு

ஆசிரியருக்கு,

ஞாயிறு இதழில் வந்த, பேருந்து நிறுத்தத்தில் மாலைதோறும் ஒரே மெட்டை வாசிக்கும் குழல்காரர் பற்றிய சிறுகதை மிகவும் பிடித்திருந்தது. தெருவில் வாசிப்பவருக்கு ஒரு மெட்டே போதும். பேருந்து வந்ததும் கேட்பவர்கள் மாறிவிடுவார்கள். தினமும் அங்கே நிற்கும் பெண்ணுக்குத்தான் அது பழைய மெட்டு. கதாசிரியர் மெட்டை வர்ணிக்காமல் அவளையே தொடர்கிறார். முதலில் எரிச்சலோடு விலகி நிற்கிறாள். அப்புறம் பேருந்து தாமதமாகட்டும் என்று நினைக்கிறாள். குளிரில் குழலின் சுருதி சற்று இறங்குவது இயல்பு. ஒரு குளிர்ந்த மாலையில் அதை அவள் மட்டும் உணரும் இடம் அபாரம்.

ஆனால் இறந்த மனைவிக்காக வாசிக்கிறார் என்று கடைசிப் பத்தி விளக்கியிருக்க வேண்டாம். அந்தப் பெண் கடைசிவரை அவரிடம் எதுவும் கேட்கவில்லையே, சரிதானே?

- ஒரு வாசகர்